ஆற்றல் கணக்கு 30-ஐத் தாண்டுகிறது, மாதவிடாய் வரவில்லை: எதை நம்புவது?

கேள்வி: நான் உணவியல் நிபுணராக விளையாட்டுத் துறைக்குப் புதியவள். 17 வயது நெடுந்தூர ஓட்டக்காரப் பெண் ஒருவர் வந்திருக்கிறார். உயரம் 165 செ.மீ., எடை 50 கிலோ, ஒரு வருடமாக எடை மாறவில்லை. 13 வயதில் பூப்பெய்தியவர். 7 மாதமாக பீரியட்ஸ் இல்லை. 14 மாதத்தில் கெண்டைக்கால் எலும்பில் இரண்டாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். இப்போது பூட் போட்டு ஓய்வில் இருக்கிறார். 3 நாள் உணவுக் குறிப்பு வாங்கிக் கணக்குப் போட்டேன். தினமும் சுமார் 1500 கலோரி. கொழுப்பு நீங்கிய எடை 41 கிலோ. கிலோவுக்கு 36.6 கலோரி வருகிறது. எல்லையாகச் சொல்லும் 30-க்கு மேல் இருப்பதால் ஆற்றல் குறைவு இல்லை என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. உங்கள் வகுத்தல் சரிதான். எந்த நாட்களுக்குக் கணக்குப் போட்டீர்கள் என்பதில்தான் பிசகு. இந்தக் கணக்கில், உண்ணும் கலோரியிலிருந்து பயிற்சியில் செலவாகும் கலோரியைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீங்கிய எடையால் வகுக்கிறோம். அவர் இப்போது ஓடவே இல்லை, அதனால் கழிக்க எதுவும் இல்லை. குறைவாகச் சாப்பிட்டாலும் எண் நன்றாகத்தான் தெரியும். ஆனால் மாதவிடாய் நின்றதும் எலும்பில் விரிசல் விழுந்ததும் அவர் ஓடிக்கொண்டிருந்த மாதங்களில். கணக்கு அந்த மாதங்களுக்குப் போடப்பட வேண்டும்.

அவரிடம் வலி தொடங்குவதற்கு முந்தைய நான்கைந்து வாரங்களைப் பற்றிக் கேளுங்கள். பயிற்சிக் குறிப்பேடோ, ஓட்டத்தைப் பதிவு செய்யும் கைக்கடிகாரமோ இருந்தால் அதைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்பது நல்லது. தூரம் நினைவில் தவறும், பதிவில் தவறாது. வழக்கமான நாளில் 12 கி.மீ. ஓடினார், அப்போது 1750 கலோரி சாப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ 1 கலோரி என்பது கைக்கணக்கு. 50 கிலோவுக்கு 12 கி.மீ. என்றால் 600. அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் 60 கலோரி செலவழித்திருக்கும் என்பதால் அதை நீக்கி 540 என்று எடுங்கள். 1750-இல் 540 போக 1210. அதை 41-ஆல் வகுத்தால் 29.5. வாரத்தில் ஒரு நாள் 18 கி.மீ. ஓடியிருந்தால் அன்று செலவு 810-ஐ நெருங்கும். சாப்பாடு அதே 1750 என்றால் மிஞ்சுவது 23-தான். ஒரே பெண்தான், ஓய்வில் 36.6, ஓட்டத்தில் 23 முதல் 29.5 வரை.

இதை வைத்து “30-க்குக் கீழே இருந்தார், ஆகவே உறுதி” என்று எழுதுவதும் அதே தவறுதான். உணவுக் குறிப்பில் 10 சதவீதம் விட்டுப்போவது சாதாரணம். அவர் உண்மையில் 1925 கலோரி சாப்பிட்டிருந்தால் விடை 34-ஐ நெருங்கும். 1575 என்றால் 25-க்குச் சற்று மேல். தோல்மடிப்பு அளவில் கொழுப்பு 18 சதவீதத்துக்குப் பதில் 22 என்று வந்திருந்தால் கொழுப்பு நீங்கிய எடை 39 ஆகி, 29.5 என்பது 31 ஆகிவிடும். 30 என்ற எல்லையே ஆய்வகத்தில் பிறந்தது. லூக்ஸ், துமா இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி செய்யாத இளம் பெண்களின் உணவையும் உடற்பயிற்சியையும் ஐந்து நாட்களுக்குத் துல்லியமாகக் கட்டுப்படுத்தினார்கள். 30-க்குக் கீழே போனபோது கருமுட்டை வெளியேற உதவும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு குலைந்தது. அந்தக் கட்டுப்பாடு நம் ஆலோசனை அறையில் கிடையாது. பூப்பெய்தி சில ஆண்டுகளே ஆன பெண்ணின் உடல் இந்தக் குறைவுக்கு இன்னும் எளிதில் வசப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு நிலைமையை விளக்கவும், எவ்வளவு கூட்ட வேண்டும் என்று திட்டமிடவும் உதவும். இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

தீர்ப்புக்கான சான்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. முன்பு ஒழுங்காக வந்த மாதவிடாய் 3 மாதத்துக்கு மேல் நின்றிருப்பது ஒன்று. இரண்டு ஆண்டுக்குள் இரண்டு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் மற்றொன்று. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 2023 மதிப்பீட்டு முறையில் இவை இரண்டுமே முதன்மை அறிகுறிகள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி, இடுப்பு வளையம், திருவெலும்பு ஆகிய இடங்களில் விரிசல் என்றால் ஒன்றே போதும், ஏனென்றால் அங்கே பஞ்சுபோன்ற உள் எலும்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் குறைவு அதைத்தான் முதலில் அரிக்கும். எனவே ஸ்கேன் அறிக்கையை வாங்கி, விரிசல் எந்த எலும்பில், எந்தப் பக்கத்தில் என்பதைப் படியுங்கள். “கால் எலும்பு” என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டாம்.

மாதவிடாய்க் கேள்வியை நேராகவும் தேதியோடும் கேட்க வேண்டும். அம்மாவையும் பயிற்சியாளரையும் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சும்மா? போன 12 மாசத்துல எத்தனை தடவை?” என்று கேளுங்கள். “ரெகுலரா இருக்கா?” என்று கேட்டால் “ம், இருக்கு” என்ற பதிலே வரும், போட்டிப் பருவத்தில் நிற்பதை வழக்கம் என்று நினைக்கும் பெண்ணுக்கு அதுவும் ரெகுலர்தான். பயிற்சி கூடிய மாதங்களில் நின்று, ஓய்வு மாதங்களில் திரும்பியதா என்பது மிகப் பெரிய துப்பு. கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் இரத்தப்போக்கு மாதவிடாய் ஆகாது.

எடை மாறாததைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஆற்றல் தொடர்ந்து குறையும்போது உடல் செலவைச் சுருக்கிக்கொள்ளும்: ஓய்வு நிலை வளர்சிதை மாற்றம் இறங்கும், தைராய்டு ஹார்மோனான T3 குறையும், கை கால் சில்லிடும், இனப்பெருக்க ஹார்மோன் நிற்கும். இப்படிச் சிக்கனம் பிடித்துத்தான் எடை நிலையாக இருக்கிறது. 17 வயதில் இன்றைய எடையைவிட வளர்ச்சிப் பாதை அதிகம் சொல்லும். 12, 13 வயதிலிருந்து பள்ளியிலும் மருத்துவமனையிலும் குறித்த உயரம், எடையைக் கொண்டுவரச் சொல்லி வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வையுங்கள். நடுக்கோட்டில் போய்க்கொண்டிருந்த எடை, பயிற்சி தீவிரமான ஆண்டிலிருந்து இரண்டு கோடு கீழே இறங்கியிருந்தால், “ஒரு வருடமாக மாறவில்லை” என்பதற்கு முழுக்க வேறு பொருள்.

உணவு விசாரணையில் மொத்தக் கலோரிக்குச் சமமாகக் கடிகாரத்தையும் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், ஓட்டத்துக்கு முன் என்ன உள்ளே போனது, முடிந்து எத்தனை நிமிடத்தில் சாப்பிட்டார், மாலைப் பயிற்சிக்கும் இரவு உணவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நாளை மணிவாரியாக நடத்திச் செல்லுங்கள். வெறும் வயிற்றில் 12 கி.மீ. ஓடி, இரண்டு மணி நேரம் கழித்து முதல் வாய் சாப்பிடுபவர், அன்றைய கூட்டுத்தொகை சரியாக வந்தாலும் நாளின் பாதியைப் பெரும் பற்றாக்குறையில் கழிக்கிறார். ஓய்வு நாளில் என்ன சாப்பிடுவார் என்றும் தனியாகக் கேளுங்கள். “இன்னிக்கு ஓடல, அதனால கம்மியா” என்ற விதி அங்கேதான் வெளிப்படும். உங்கள் கணக்கின் 1500-க்கும் அதுவே காரணமாக இருக்கலாம்: பூட் போட்டதும் எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில், எலும்பு கூடவேண்டிய நேரத்தில் உணவைக் குறைத்திருக்கிறார்.

எல்லாக் குறைவும் வேண்டுமென்றே நடப்பதில்லை. காய்கறி, பழம், நார்ச்சத்து நிறைந்த பெரிய தட்டு வயிற்றை நிரப்பிவிடும், கலோரி வராது. கடும் பயிற்சிக்குப் பின் பசியும் மந்தமாகும். இப்படிப்பட்டவருக்கு நேரமும் அளவும் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆனால் எண்ணெய் முழுவதும் நீக்கம், மாவுச்சத்துக்குத் தடை, மற்றவர் முன் சாப்பிடத் தயக்கம், எடை சொன்னதும் முகம் மாறுவது ஆகியவை தென்பட்டால், இது உணவுண்ணல் கோளாறாக இருக்கலாம். மனநல நிபுணர் இல்லாமல் உணவுத் திட்டம் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். எடை பார்க்கும்போது எண் அவருக்குத் தெரியாதபடி திருப்பி நிற்க வைக்கலாம். ஆற்றல் குறைவின் ஆபத்தை அறியும் லீஃப்-கியூ என்ற கேள்விப் படிவத்தில் மதிப்பெண் 8-உம் அதற்கு மேலும் ஆபத்து என்று கொள்வார்கள். அது வயதுவந்த பெண்களிடம் சரிபார்க்கப்பட்ட வடிகட்டி, இவருக்குப் பெரிதாகப் புதியது எதுவும் சொல்லாது.

உங்கள் அறிக்கையில் “குறைந்த ஆற்றல் இருப்புக்கு வலுவான சாத்தியம், மருத்துவ உறுதிப்பாடு தேவை” என்று எழுதி, காரணங்களை மேலே சொன்ன வரிசையில் கொடுங்கள். ஆற்றல் குறைவால் மாதவிடாய் நின்றது என்பது மற்றவற்றை விலக்கிய பிறகே வரும் முடிவு. கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின், சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். வைட்டமின் டி, இரும்புச்சத்து, தைராய்டு T3, டெக்ஸா எலும்பு அடர்த்தி ஆகியவற்றைப் பரிந்துரைக்கச் சொல்லலாம். இந்த வயதில் டெக்ஸாவில் அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பெண்ணையே பார்க்க வேண்டும். எடைதாங்கும் விளையாட்டில் இருப்பவருக்கு -1-க்குக் கீழ் என்றாலே கவனிக்க வேண்டியது. விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு 50-க்குக் கீழ், எழுந்தால் தலைசுற்றல், மயக்கம் என்றால் “ஓட்டக்காரருக்கு நாடி குறைவாகத்தான் இருக்கும்” என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மருத்துவச் சிக்கல் எதுவும் இல்லையென்றால் உணவை இன்றே கூட்டத் தொடங்கலாம், சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கிலோவுக்கு 45 என்ற இலக்கில் 41 கிலோவுக்கு 1845 கலோரி. ஓடாத இந்த வாரங்களில்கூட அவருக்கு இப்போதைய 1500-க்கு மேல் 350 கலோரி வேண்டும். எழுந்தவுடன் ஒன்றும் இரவு படுக்கும் முன் ஒன்றுமாக, தலா 175 கலோரியில் இரண்டு சிறு வேளைகள் என்று தொடங்கினால் வயிறு உப்புசம் இல்லாமல் ஏற்கும். பால், கொட்டைகள், எண்ணெய் போன்ற செறிவான உணவுகள் இங்கே கைகொடுக்கும். மறுபடி 12 கி.மீ. ஓடும் நாளில் அந்த 540-ஐயும் சேர்த்து 2385 தேவை. எனவே ஓட்டத்தைக் கூட்டும் ஒவ்வொரு வாரமும் அந்தத் தூரத்துக்கான உணவு முன்கூட்டியே ஏறியிருக்க வேண்டும் என்று பயிற்சியாளருக்கும் எழுதிக் கொடுங்கள். கால்சியம் நாளுக்கு 1300 மி.கி. வேண்டும்தான், ஆனால் ஆற்றல் குறைவை அப்படியே விட்டுவிட்டுக் கால்சியம் மாத்திரை கொடுத்தால் எலும்பு தேறாது.

முதலில் திரும்புவது காலைப் பசியும் கையின் கதகதப்பும் மலச்சிக்கல் நீங்குவதும். மாதவிடாய்க்குப் பல மாதங்கள் ஆகலாம். எலும்பு அடர்த்தி அதைவிடத் தாமதமாகும். இடையில் யாராவது “பீரியட்ஸ் வரவைக்க” கருத்தடை மாத்திரை கொடுக்க முன்வந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். அது எலும்பைக் காப்பாற்றாது. உடல் தேறியதா என்று காட்டும் இயல்பான மாதவிடாயையும் மறைத்துவிடும். உணவைச் சரிசெய்தும் நீண்ட நாள் மாதவிடாய் திரும்பாமல், அடர்த்தியும் குறைவாக இருந்தால் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை ஒரு வழி. அதை முடிவு செய்ய வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்.