சிவப்பில் தெரியும் திட்டு: பழைய சினிமா போஸ்டர் ஸ்கேன் பற்றிய கேள்விகள்

கேள்வி: ஐயா, 30×40 அங்குல போஸ்டர், எட்டாக மடித்து வைத்திருந்தது. ஸ்கேன் செய்து சரிபண்ண டிடிபி கடையில் 3,500 ரூபாய் கொடுத்தேன். மடிப்புக் கோடுகள் போய்விட்டன. ஆனால் சிவப்புப் பின்னணி முழுக்க மேகம் மேகமாகத் திட்டு. "பழசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறார். உண்மையா? (குடியாத்தம்)

பதில்: உண்மையில்லை. அந்தத் திட்டு கடைக்காரரின் கைவேலை. நீங்களே சோதிக்கலாம். படத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றிப் பாருங்கள். திட்டுகள் பழைய மடிப்பு வழியே வரிசையாக நின்றால் அது ரிப்பேர் செய்த தடம். வயதால் வந்த கறை மடிப்புக் கணக்குப் பார்த்து வராது.

மடிப்பில் இருப்பது ஒரு குறையல்ல, இரண்டு. மை உதிர்ந்து வெள்ளைத் தாள் தெரியும் விரிசல் ஒன்று. 300 டிபிஐ ஸ்கேனில் அது நாலைந்து பிக்சல் அகலம்தான். அதன் இருபுறமும் தாள் மேடுபட்டு, அழுக்கேறி, அரை அங்குலம்வரை பரவும் நிழல் இன்னொன்று. உங்கள் கடைக்காரர் இரண்டையும் ஹீலிங் பிரஷ்ஷாலேயே தேய்த்திருக்கிறார். அந்தக் கருவி தான் தொடும் இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டிப்போகும். சுற்றியிருப்பதே நிழல் என்பதால் ஒவ்வொரு தேய்ப்பும் ஒவ்வொரு சிவப்பாக விழுகிறது. முகத்தில், உடையில் இது மறைந்துவிடும். ஒரே நிறமாக இரண்டடிக்குப் பரந்த இடத்தில் மறையவே மறையாது.

மறுபடி செய்யச் சொல்லும்போது வரிசையைச் சொல்லுங்கள். முதலில் விரிசல்: எட்டுப் பத்து பிக்சல் பிரஷ்ஷில் குளோன் கருவி, அதே மடிப்புக் கட்டத்தில் ஓர் அங்குலம் தள்ளியுள்ள நல்ல சிவப்பிலிருந்து. கறுப்பு அவுட்லைன் பக்கத்தில் ஹீலிங் கூடவே கூடாது, கறுப்பு சிவப்புக்குள் இழுத்துக்கொண்டு வரும். விரிசல் தூரிகைத் தீற்றல்களைக் குறுக்கே வெட்டினால், தீற்றல் போகும் திசையிலேயே மூலத்தை எடுக்க வேண்டும்.

பிறகு நிழல். ஜிம்ப் மென்பொருளில் `Filters > Enhance > Wavelet-decompose` கொடுத்து ஐந்து அடுக்காகப் பிரித்தால், தாளின் மணிமணியான சொரசொரப்பு மேல் அடுக்குகளுக்குப் போய்விடும். அகன்ற நிற மாறுதல் மட்டும் `Residual` என்ற அடியடுக்கில் தங்கும். அந்த அடியடுக்கில் மட்டும், நல்ல இடத்துச் சிவப்பைச் சராசரியாக எடுத்து, மென்மையான பெரிய பிரஷ்ஷில் 20 முதல் 30 சதவீத ஒபாசிட்டியில் நிழல்மேல் தடவ வேண்டும். பல பேர் இங்கே பிளர் போடுவார்கள். பிளர் பக்கத்திலிருக்கும் கறுப்பையும் சேர்த்துக் கரைத்து, எழுத்துகளைச் சுற்றி அழுக்கு வளையம் கட்டிவிடும். மொத்தச் சிவப்பையும் பக்கெட்டால் ஊற்றுவதும் வேண்டாம். சொரசொரப்பு செத்து, ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

பில் இருக்கிறதல்லவா? குறைகளை எழுதி, 15 நாளில் சரிசெய்து தரும்படி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: ஆஃபரில் ஒல்லியான A4 ஸ்கேனர் வருகிறது. வீட்டிலேயே ஸ்கேன் செய்ய வாங்கலாமா? (ஆம்பூர்)

பதில்: இந்த வேலைக்கு வேண்டாம். ஒல்லி ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியை ஒட்டியிருப்பதுதான் அதற்குத் தெளிவாகத் தெரியும், ஒரு மில்லிமீட்டர் எழும்பிய மடிப்பு மங்கி இருண்டுவிடும். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கரண்ட் பில் காப்பி எடுக்க உதவுகிறது. சற்று எழும்பிய தாளையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை கேட்டு வாங்குங்கள்.

சின்ன போஸ்டர் என்றால் ஒரு வழி உண்டு. ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால் மடிப்பின் ஒரு சரிவு வெளுத்தும் மறு சரிவு இருண்டும் வரும். தாளை 180 டிகிரி திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுங்கள். கணினியில் அதை நேராக்கி முதல் ஸ்கேன் மேல் வைத்து, `Difference` முறையில் பொருத்தி, பிறகு `Normal` ஆக்கி ஒபாசிட்டி 50 வையுங்கள். வெளுப்பும் இருளும் ஒன்றையொன்று தின்றுவிடும், பாதி வேலை மிச்சம். 30×40 தாளுக்கு A4-இல் ஓர் அங்குலம் மேலேறும்படி எடுத்தாலே 16 ஸ்கேன், இரட்டித்தால் 32. அதற்குக் கேமராதான் சரி: இரு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு, போஸ்டரை நான்கு கால்பகுதியாகப் படம். 24 மெகாபிக்சலில் அங்குலத்துக்குச் சுமார் 260 பிக்சல் கிடைக்கும்.

கேள்வி: மடித்ததில் வெளியே இருந்த கட்டம் மட்டும் வெளுத்து ஆரஞ்சாகிவிட்டது. உள்ளே இருந்தவை நன்றாக இருக்கின்றன. ஒரே நிறமாக்க முடியுமா? (ராணிப்பேட்டை)

பதில்: முடியும். உங்களுக்கு அளவுகோல் கையிலேயே இருக்கிறது. அச்சு மையில் மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் நின்று தாங்கும். ஆகவே முழுப் படத்துக்கும் ஒரே திருத்தம் போட்டால் நல்ல கட்டங்கள் கெடும். எடுத்துக்காட்டாக, சிவப்பு, பச்சை, நீலச் சேனல் வரிசையில் உள் கட்டம் 176, 38, 34 என்றும் வெளிக் கட்டம் 205, 110, 92 என்றும் வந்தால், வெளிக் கட்டத்தின் சிவப்புப் பரப்பை மட்டும் தேர்ந்து, ஒவ்வொரு சேனலின் கர்வ்ஸிலும் அந்தப் புள்ளியை உள் கட்டத்தின் எண்ணுக்கு இறக்குங்கள். கறுப்புக் கோட்டையும் முகத்தையும் தேர்வுக்குள் விடாதீர்கள். பச்சைச் சேனலில் 110-ஐ 38-க்கு இறக்கினால் அதற்குக் கீழுள்ள இருட்டு விவரமெல்லாம் நசுங்கிவிடும். முகத்துக்குத் தனி கர்வ்.

இவ்வளவு இழுக்கும்போது 8 பிட் கோப்பு படிப்படியாகக் கோடு காட்டும். 16 பிட்டில் எடுத்திருக்க வேண்டும். மை அடியோடு போன இடத்தில் நீங்கள் வைக்கும் நிறம் ஊகம்தான்.

கேள்வி: கடையில் ஜேபெக் மட்டும் தருகிறார்கள். டிஃப் கேட்டால் "எதுக்குங்க, கண்ணுக்கு ஒண்ணுதான்" என்கிறார்கள். (காட்பாடி)

பதில்: இந்த வசனத்தை வேலூரில் எத்தனை கடையில் கேட்பது! கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது திருத்தும்வரைதான். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டமாக வெட்டிச் சுருக்குகிறது. கான்ட்ராஸ்ட் ஏற்றியவுடன் பரந்த சிவப்பில் அந்தக் கட்டங்கள் கிளம்பும், எந்த டச்சப்பும் அதை எடுக்காது. நீங்கள் காசு கொடுப்பது ஸ்கேனுக்கு, அதன் சுருக்கப்பட்ட நகலுக்கல்ல. உங்கள் தாளை வைத்து எடுத்த மூலக் கோப்பைத் தானே வைத்துக்கொண்டு நகலை நீட்டும் கடை, அடுத்த முறையும் நீங்கள் தன்னிடமே வரவேண்டும் என்று கணக்குப் போடுகிறது. 30×40, 300 டிபிஐ, 16 பிட் என்றால் சுமார் 650 எம்பி. ஒரு பென்டிரைவில் அடங்கும். தாளைக் கொடுக்கும் முன்பே "திருத்தாத 16 பிட் டிஃப், திருத்திய டிஃப், இரண்டும்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் தாளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

கேள்வி: போஸ்டரை ஃபோனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாலடி பிரிண்ட் மங்கலாக வந்தது. கடைமேல் கேஸ் போடலாமா? (ஆற்காடு)

பதில்: கூடாது. சுருங்கிப்போன படத்தை அனுப்பியவர் நீங்கள்.

கேள்வி: ஸ்கேனுக்கு முன் மடிப்பை அயர்ன் பண்ணலாமா? கிழிசலுக்கு செலோடேப் போட்டிருக்கிறேன். (வாணியம்பாடி)

பதில்: அயர்ன் வேண்டாம். சூட்டில் டேப் பசை உருகித் தாளுக்குள் இறங்கும், விரிசலில் மிச்சமிருக்கும் மையும் உதிரும். இரண்டு சுத்தமான வெள்ளை டிராயிங் தாளுக்கு நடுவே வைத்து, மேலே பிளைவுட்டும் கனமும் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். டேப்பைப் பிய்க்காதீர்கள், இருக்கிற நிலையிலேயே ஸ்கேன் எடுங்கள். அதன் பழுப்பைக் கணினியில் எடுத்துக்கொள்ளலாம்.