சம உயரக் கோடுகளிலிருந்து குறுக்குவெட்டுத் தோற்றம் வரைதல்: கேள்வி பதில்

எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, இந்திய நில அளவைத் துறையின் 58 A/15 எண் தாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இழுத்த நேர்கோட்டை எடுத்துக்கொள்கிறேன். தாளின் அளவை 1:50,000. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளின் உயர இடைவெளி 20 மீட்டர். ஒவ்வோர் ஐந்தாவது கோடும் தடித்திருக்கும்.

பதினோராம் வகுப்பு மாணவி: காகிதப் பட்டையின் விளிம்பை நேர்கோட்டின் மேல் வைத்து, சம உயரக் கோடுகள் வெட்டும் இடங்களை அதில் குறித்தேன். நானும் தோழியும் ஒரே கோட்டைத்தான் எடுத்தோம், ஆனால் பாதிக்கு மேல் என் மலை அவளுடையதைவிட 100 மீட்டர் உயரமாக வந்துவிட்டது. எங்கே பிழை?

சரியாக 100 மீட்டர் என்று நீங்கள் சொல்வதிலேயே விடை பாதி இருக்கிறது. பட்டை நகர்ந்திருந்தால் மலை இடமோ வலமோ தள்ளிப்போயிருக்குமே தவிர உயர்ந்திருக்காது. ஆகவே ஒரு தடித்த கோட்டின் மதிப்பைத்தான் நீங்கள் மாற்றி எழுதியிருக்கிறீர்கள், அதன் பின் வந்தவை எல்லாம் அதைப் பின்பற்றிவிட்டன. மெல்லிய கோடுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பட்டையின் இரு முனைகளையும் குறித்தவுடன் தடித்த கோடுகள் வெட்டும் இடங்களை மட்டும் குறித்து, எண் அச்சாகியிருக்கும் இடம் வரை அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து சென்று மதிப்பை எழுதுங்கள். அதன் பிறகு மெல்லியவற்றை நிரப்புங்கள். நிலம் தொடர்ந்து ஏறும் இடத்தில் அடுத்தடுத்த இரு தடித்த கோடுகளுக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள்தான் இருக்க முடியும். ஐந்தோ மூன்றோ வந்தால் அங்கேயே நின்று பாருங்கள்.

மலை ஏற்றம் தொடங்கும் கல்லாற்றுக்கு மேலே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அங்கே தடித்தவற்றை மட்டும் எடுத்தால் போதும். மேட்டுப்பாளையத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் மட்டும் எல்லாக் கோடுகளையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதியின் வடிவமே காணாமல் போகும்.

ஓய்வுபெற்ற நில அளவர்: ஒரே மதிப்புள்ள கோடு அடுத்தடுத்து இருமுறை வெட்டினால், நடுவில் மாணவர்கள் தங்கள் விருப்பம்போல் வளைத்து வரைகிறார்கள். அளக்காத உயரத்தை வரைவது முறையா? இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைப்பதே நேர்மை என்பது என் கருத்து.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் 460, 480, 480, 460 என்று வரும் இடத்தில் இரண்டு 480-களையும் கிடைக்கோட்டால் இணைத்தால், அங்கே ஒரு மேசைநிலம் இருப்பதாகப் படம் சொல்லிவிடும். அதுவும் அளக்காத செய்திதான். நமக்குத் தெரிந்தது, நடுவில் நிலம் 480-க்கு மேல் எழுந்து 500-ஐத் தொடாமல் திரும்புகிறது என்பது மட்டுமே. ஆகவே 500-க்குக் கீழே அடங்கும் மென்மையான வளைவாக வரைகிறேன். கோட்டின் மேலேயே உயரப்புள்ளி ஏதேனும் அச்சாகியிருந்தால் அதன் வழியே வளைவைக் கொண்டுபோகிறேன். கோட்டிற்குச் சற்று விலகியிருக்கும் புள்ளியின் உயரத்தை அப்படியே கொண்டுவந்து வைப்பதுதான் தவறு, ஏனென்றால் அது அந்தக் கோட்டின் நிலம் அல்ல.

பள்ளத்தில் இன்னும் உறுதியாக வரையலாம். 480, 460, 460, 480 என்று வந்து நடுவில் ஓடை ஒன்று கோட்டைக் கடந்தால், மிகத் தாழ்ந்த இடம் ஓடை கடக்கும் புள்ளியே. பட்டையில் அதையும் குறித்துவைத்தால், பள்ளத்தின் அடி ஒரு கரையை ஒட்டியிருப்பது படத்தில் தெரியும். இரண்டு 460-க்கும் சரிநடுவில் அடியை வைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அந்த அடி 441-இல் இருக்கிறதா 458-இல் இருக்கிறதா என்பதைத் தாளிலிருந்து சொல்ல வழியில்லை. அந்தத் துண்டைப் புள்ளிக்கோடாக வரைய வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன்.

புவியியல் ஆசிரியர்: கிடை அளவையும் செங்குத்து அளவையும் ஒன்றாக இருந்தால்தான் படம் உண்மையானது, மிகைப்படுத்துவது பொய்த் தோற்றம் தரும் என்று மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். சரிதானே?

சரிவின் கோணத்தைப் பற்றி மட்டும் பேசினால் சரி. நம் கோட்டைப் பாருங்கள். நேர்தொலைவு ஏறக்குறைய 16 கிலோமீட்டர், தாளில் 32 சென்டிமீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்திலும் குன்னூர் சுமார் 1,710 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. 1,380 மீட்டர் ஏற்றம், ஒரே அளவையில் வரைந்தால் 2.8 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதில் 20 மீட்டர் என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பென்சில் முனையின் தடிமனிலேயே அது மறைந்துபோகும். செங்குத்தில் 1 சென்டிமீட்டருக்கு 200 மீட்டர் என்று வைத்தால் படம் 7 சென்டிமீட்டர் உயரம் பெறும், மிகைப்பு இரண்டரை மடங்கு. மலைச்சரிவுக்கு இதுவே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. 1 சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் என்று வைத்தால் மிகைப்பு 25 மடங்கு; மலை ஊசியாக நிற்கும், தாளிலும் அடங்காது.

மிகைப்படுத்திய படத்தின் மேல் பாகைமானியை வைத்துக் கோணம் அளப்பதுதான் உண்மையான பிழை. இரு தடித்த கோடுகளுக்கு நடுவே தாளில் 5 மில்லிமீட்டர் இருந்தால், 250 மீட்டரில் 100 மீட்டர் ஏற்றம். உண்மைச் சரிவு ஏறக்குறைய 22 பாகை. நம் படத்தில் அதுவே 45 பாகையாக நிற்கும். ஆகவே மிகைப்பு எத்தனை மடங்கு என்பதைப் படத்தின் அடியில் எழுதச் சொல்லுங்கள், கோணம் வேண்டுமென்றால் தாளிலிருந்தே கணக்கிடச் சொல்லுங்கள்.

அதே ஆசிரியர்: அப்படியானால் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடம் தெரியுமா என்று பார்ப்பதற்காவது ஒரே அளவை வேண்டுமல்லவா?

அதற்கும் வேண்டாம். செங்குத்தை எத்தனை மடங்கு நீட்டினாலும் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், இடையிலுள்ள முகடு அதற்கு மேலா கீழா என்பதும் மாறாது. 16 கிலோமீட்டர் கோட்டின் நடுவில் புவியின் வளைவு ஏறக்குறைய 5 மீட்டர் மறைக்கும். முகட்டின் மேல் நிற்கும் மரங்கள் அதைவிட அதிகமாக மறைக்கும், அவற்றின் உயரம் சம உயரக் கோடுகளில் இல்லை.

ரயில் ஆர்வலர்: நீலகிரி மலை ரயில் பாதையின் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1 தான். உங்கள் கணக்கில் 250-க்கு 100 வருகிறதே! தாளில் பிழையா?

தாளில் பிழையில்லை. நாம் வரைவது நேர்கோட்டின் அடியில் உள்ள நிலம், ரயில் போகும் வழி அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பாதை சுமார் 28 கிலோமீட்டர். அந்தச் செங்குத்தைத் தவிர்க்கவே அது வளைந்து வளைந்து செல்கிறது. பாதையின் ஏற்றத்தை வரைய வேண்டுமென்றால் பட்டையை ஒவ்வொரு வளைவிலும் முனையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் குறிக்க வேண்டும். அப்போதும் சுரங்கம், பாலம், வெட்டிய மேடு ஆகிய இடங்களில் சம உயரக் கோடு தண்டவாளத்தின் உயரத்தைச் சொல்லாது.

கோத்தகிரி தோட்டக்காரர்: எங்கள் ஊற்றிலிருந்து வீட்டுக்கு 600 மீட்டர். தாளை கைபேசியில் படமெடுத்து அச்சிட்டு வரைந்தேன். ஊற்று 1,760-க்கும் 1,780-க்கும் இடையில், வீடு 1,740-க்கும் 1,760-க்கும் இடையில். மோட்டார் இல்லாமல் தண்ணீர் வருமா?

முதலில் உங்கள் அச்சுத் தாளில் ஒரு கிலோமீட்டர் கட்டத்தின் பக்கத்தை அளந்து பாருங்கள். அது சரியாக 2 சென்டிமீட்டர் இல்லையென்றால் 1:50,000 என்ற எண் அந்த அச்சுக்குப் பொருந்தாது. தாளின் அளவுகோட்டையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் அதைக் கொண்டே தொலைவை அளக்க வேண்டும்.

தொலைவு சரியாக இருந்தாலும், ஊற்று வீட்டைவிட ஒரு மீட்டர் உயரமாக இருக்கலாம், 39 மீட்டர் உயரமாகவும் இருக்கலாம். நீங்கள் தந்த எண்கள் இரண்டையும் அனுமதிக்கின்றன. சம உயரக் கோடே தாளில் சற்று விலகி அச்சாகியிருந்தால் அந்த ஒரு மீட்டரும் உறுதியில்லை. இடையில் ஊற்றைவிட உயரமான சிறு மேடு ஒன்று இரு கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருந்தாலும் குறுக்குவெட்டு காட்டாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கொண்டு, குழாய் போகும் வழியிலேயே ஊற்றிலிருந்து வீடு வரை துண்டு துண்டாக மட்டம் பார்த்து வாருங்கள். வழியில் எந்த இடமாவது ஊற்றின் நீர்மட்டத்துக்கு மேலே வந்தால், அதைச் சுற்றிக்கொண்டு போக இடமிருக்கிறதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும்.