டவுட் கேக்காத பொண்ணு

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, போன வருஷம் வரைக்கும் ஃபர்ஸ்ட் ரேங்க். இப்ப கணக்குல புரியலன்னா மிஸ்கிட்ட கேக்கவே மாட்டேங்கிறா, ஃப்ரெண்டு நோட்டப் பாத்து எழுதிட்டு வந்துடறா. இது சோம்பேறித்தனமா, பயமா?

பதில்: சோம்பேறித்தனம்னு எனக்குத் தோணலங்க. படிக்கிற புள்ளைங்களுக்குள்ள ரெண்டு விதமான இலக்கு ஓடும், ஒண்ணு 'இதக் கத்துக்கணும்', அத மாஸ்டரி கோல்னு சொல்வாங்க, இன்னொண்ணு 'நான் கெட்டிக்காரின்னு எல்லாருக்கும் தெரியணும், மக்குன்னு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது', அது பெர்ஃபார்மன்ஸ் கோல். எல்லார்கிட்டயும் ரெண்டும் இருக்கும், எது தூக்கலா இருக்குங்கிறதுதான் விஷயம்.

2/3 + 1/4 கணக்க எடுத்துக்கோங்க. ஒரு புள்ள மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறத கீழயும் கூட்டி 3/7னு எழுதிடுது, தப்பு. கத்துக்கணும்னு நினைக்கிற புள்ள, 'கூட்டினா 2/3ய விடக் கொறஞ்சு போச்சே, எப்படி மிஸ்?'னு கேட்டுடும், ஏன்னா அதுக்கு அந்தத் தப்பு ஒரு தகவல் அவ்வளவுதான். பேர் கெட்டுடக் கூடாதுன்னு நினைக்கிற புள்ளைக்கு அதே கேள்விய வாய் திறந்து கேட்டா கிளாஸ் முழுக்க 'இவளுக்குத் தெரியாது'ன்னு ஆயிடும். அதனால பக்கத்து நோட்டப் பாத்து 11/12னு எழுதிடும், மறுநாள் 3/5 + 1/2 குடுத்தா திரும்பவும் 4/7தான் வரும். நோட்டுல எல்லாம் கரெக்ட், டெஸ்ட்ல அதே மாதிரி கணக்கு தப்புன்னா இதுதான் நடக்குதுன்னு சந்தேகப்படலாம்.

1988ல எலியட், டுவெக்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்கள வச்சு இதப் பாத்தாங்க. திறமையக் காட்டறதுதான் முக்கியம்னு ஆக்கிட்டு 'உனக்கு இது அவ்வளவா வராது'ன்னும் சொன்னப்ப, கஷ்டமான புதிர் வந்ததும் அந்தப் புள்ளைங்க தளந்து போயிடுச்சு. கத்துக்கறது முக்கியம்னு ஆக்கினப்ப அதே 'வராது' கேட்ட புள்ளைங்களும் விடாம முயற்சி பண்ணுச்சு. எனக்கு உங்க பொண்ணு ஞாபகம் வர்ற இடம் வேற: திறமையக் காட்டற கூட்டத்துல 'நீ நல்லா பண்ற'ன்னு கேட்ட புள்ளைங்க கஷ்டத்துல தளரல, ஆனா எல்லார் முன்னாடியும் தப்பு பண்ண வேண்டி வரும்னா கத்துக்கற வாய்ப்பையே வேண்டாம்னு விட்டுடுச்சு.

அதுக்காக ரேங்க் ஆசையே கெட்டதுன்னு சொல்லிட முடியாது, முந்தணும்கிற ஆசை பல புள்ளைங்களுக்கு மார்க்கும் வாங்கித் தருது. தொல்லை பண்றது அசிங்கப்பட்டுடுவோமோங்கிற பயம்தான்.

வீட்டுல 'எவ்வளவு மார்க்'குக்கு முன்னாடி 'எந்த ஸ்டெப்ல மாட்டின?'ன்னு கேளுங்க. விடைய நீங்களே சொல்லிடாதீங்க, 'கீழ ரெண்டையும் ஒண்ணாக்க என்ன பண்ணலாம்?'னு ஒரு குறிப்பு மட்டும் குடுங்க, உதவின்னா இப்படித்தான் வாங்கணும்னு அவளுக்கும் பழகும். டவுட்ட எழுதிக் குடுக்கவோ கிளாஸ் முடிஞ்சு தனியா கேக்கவோ விடச் சொல்லி மிஸ்கிட்ட பேசிப் பாருங்க, கிளாஸ்ல ரேங்க் பேச்சே பெருசா ஓடிட்டிருந்தா வீட்டுல மட்டும் மாத்தி ஓரளவுக்குத்தான் பிரயோஜனம். தனியா உக்கார வச்சுக் கேட்டும் முதல் வரியே ஓடலன்னா பயத்த மட்டும் சொல்லாதீங்க, கீழ ரெண்டையும் ஒண்ணாக்கற மீ.சி.ம.லயே ஓட்டை இருக்கலாம், மொதல்ல அதப் பாருங்க.