வி வெட்டும் மிதவையும் ஒத்துவரவில்லை

"உன்னிச்சைப் பக்கம் எங்கள் வயல் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்க 90 பாகை வி வெட்டுப் பலகை வைத்தேன். வெட்டுக்குள் தடி வைத்தால் 15 செ.மீ., கணக்கில் செக்கனுக்கு 12 லீற்றர். மிதவை விட்டுப் பார்த்தால் 20 வருகிறது: அகலம் 60, ஆழம் 15 செ.மீ., 10 மீற்றருக்கு 45 செக்கன். எது சரி அண்ணன்?"

இரண்டும் பிழை தம்பி. வெட்டைத் தாண்டும் இடத்தில் தண்ணீர் தாழ்ந்து வளையும். அங்கே தடி வைத்தால் உயரம் குறைத்துத்தான் காட்டும். பலகைக்குத் தண்ணீர் வரும் பக்கமாக ஒரு மீற்றர் தள்ளி, வாய்க்கால் ஓரமாக ஒரு முளை அடியுங்கள். அதன் தலையை வெட்டின் அடிமுனையோடு குழாய் மட்டம் பிடித்துச் சமப்படுத்தி, முளைத்தலையிலிருந்து தண்ணீர் மட்டத்தை அளக்க வேண்டும்; அந்த உயரம்தான் h.

```
Q = 1.38 × h^2.5   (h மீற்றர், Q கன மீற்றர்/செக்கன்)
```

அங்கே 17 செ.மீ. வந்தால் 16 லீற்றர். 2 செ.மீ. பிழைக்கு 4 லீற்றர் போய்விடுகிறது, பாருங்கள்.

மிதவை காட்டுவது மேற்பரப்பு வேகம். அடியில் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். உங்கள் 20ஐ 0.8ஆல் பெருக்கினால் அதுவும் 16. காற்றடிக்கும் பின்னேரத்தில் மட்டும் மிதவை விடாதீர்கள்.

அப்புறம், பலகைக்குக் கீழ்ப்பக்கத் தண்ணீர் வெட்டின் அடிமுனையைத் தொட்டால் இந்தச் சூத்திரம் செல்லாது. பலகையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டிவரும்.