மிச்ச 40 இலட்சத்தின் கணக்கு

வணக்கம் ஐயா,

பருத்தித்துறையில் கடற்கரைக்குக் கிட்ட பெரியப்பாவின் காணித்துண்டு ஒன்றை 4 வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். அதில் ஒரு தொழில் செய்யத்தான் இடம் காணும். 10 இலட்சத்தில் குளிர் அறை கட்டி, ஐஸ் கட்டி வாங்கி வைத்து மீன்பிடிக்காரருக்கு விற்றால் வருடம் 5 இலட்சம் கையில் நிற்கும். 50 இலட்சத்தில் ஐஸ் ஆலையே போட்டால், கரண்ட் பில் 24 இலட்சம் உட்பட எல்லாச் செலவும் போக வருடம் 20 இலட்சம் நிற்கும். இரண்டிலும் வட்டி கழிக்கவில்லை. வங்கி 14 வீதத்துக்குக் கடன் தரும் என்கிறது. எக்செலில் IRR போட்டால், அதாவது போட்ட காசு முதலையும் மீட்டு வருடம் எத்தனை வீதம் உழைக்கிறது என்று பார்த்தால், குளிர் அறைக்கு 35 வீதம், ஆலைக்கு 22 வீதம் வருகிறது. வீதம் கூடினதைத்தானே எடுக்கவேண்டும்? மச்சான் ஆலைதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

– ஒரு வாசகர், பருத்தித்துறை

தம்பி,

இரண்டு வீதத்தையும் நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் 35 வீதம் என்பது 10 இலட்சத்துக்கு மட்டும் கிடைக்கிற வீதம். அந்தக் காணியில் ஐந்து குளிர் அறை கட்ட முடியுமென்றால் 50 இலட்சத்துக்கும் 35 வீதம் உழைக்கலாம். ஒன்றுக்குத்தான் இடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே குளிர் அறையை எடுத்தால் மிச்ச 40 இலட்சம் என்ன செய்யும் என்று கேட்கவேண்டும். உங்கள் தாளில் அந்த 40 இலட்சத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

அதற்கு ஒரு வரி போடுவோம். ஆலையின் காசுப் பாய்ச்சலிலிருந்து குளிர் அறையினுடையதை வருடம் வருடமாகக் கழியுங்கள். தொடக்கத்தில் 50இல் 10 போக, மேலதிகமாக 40 இலட்சம் வெளியே போகிறது. பிறகு ஒவ்வொரு வருடமும் 20இல் 5 போக, மேலதிகமாக 15 இலட்சம் உள்ளே வருகிறது. இப்போது உங்கள் கையில் மூன்றாவது திட்டம் ஒன்று இருக்கிறது: 40 இலட்சம் போட்டு, 4 வருடம் 15 இலட்சம்படி எடுப்பது. குளிர் அறையிலிருந்து ஆலைக்கு ஏறுவதன் விலையும் பலனும் அதுதான். குத்தகைக் காசு, காணி துப்புரவாக்கிய செலவு போல இரண்டுக்கும் பொதுவானவை கழிக்கும்போது தாமாகவே விழுந்துவிடும்.

எக்செலில் D2இல் -40, D3 முதல் D6 வரை 15 என்று போட்டு இதை எழுதுங்கள்:

```
=IRR(D2:D6)
```

கிட்டத்தட்ட 18.5 வீதம் வரும். உங்கள் கடன் 14 வீதம். குளிர் அறை தன்னளவிலேயே 14ஐத் தாண்டி நிற்கிறது, அதற்கு மேல் போடும் 40 இலட்சமும் 14ஐத் தாண்டுகிறது. உங்கள் எண்களை அப்படியே நம்பினால் மச்சான் சொல்வதுதான் சரி. பிறகு வரும் காசை 14 வீதத்தில் கழிவிட்டு, இன்றைக்கு அதன் மதிப்பு என்ன என்று சொல்லும் இற்றைப் பெறுமதிக்குக் கொண்டுவந்தாலும் அதே விடைதான்: போட்ட முதல் போக, குளிர் அறை தருவது 4.57 இலட்சம், ஆலை தருவது 8.27 இலட்சம். வித்தியாசமான 3.7 இலட்சம், அந்த மூன்றாவது திட்டத்தின் தேறிய பெறுமதி.

எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். மாற்றிக் கழித்தாலும் எக்செல் அதே 18.5ஐத்தான் காட்டும். ஆனால் முதலில் 40 உள்ளே வந்து பிறகு 15 வெளியே போவதால் அது கடன் வாங்குவதற்குச் சமம், வீதம் குறைந்தால்தான் நல்லது. இந்த இடத்தில் சறுக்கித் தலைகீழான முடிவுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

18.5 என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. காசின் விலை, அதாவது வட்டி, அதற்குக் கீழே இருக்கும்வரை ஆலை, மேலே போனால் குளிர் அறை. 20 வீதத்தில் ஆலை நட்டமில்லை, 1.77 இலட்சம் மிஞ்சும். ஆனால் குளிர் அறை 2.94 இலட்சம் தரும். ஆலைக்கு வந்த 22 வீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடைவெளி கண்ணில் படவே படாது. வங்கி தரும் 14 வீதம் 4 வருடமும் மாறாததா, சந்தையோடு ஏறி இறங்குவதா என்று எழுத்தில் கேளுங்கள். 2022 கடைசியில் இலங்கையில் கடன் வட்டி 25 வீதத்துக்கு மேல் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 25 வீதத்தில் இந்த ஆலை 2.77 இலட்சம் நட்டம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கரண்ட் பில். ஆலை தனியே நட்டப்படாமல் நிற்க, 14 வீதத்தில் வருடம் 17.16 இலட்சம் போதும். 20 இலட்சம் என்ற உங்கள் மதிப்பில் 14 வீதம் விழுந்தாலும் தாங்கும். ஆனால் அது குளிர் அறையையும் வெல்லவேண்டும். அதற்கு மேலதிகமாக வரும் 15 இலட்சம் 13.73க்குக் கீழே போகக் கூடாது. அதாவது ஆலையின் வருமானத்தில் 1.27 இலட்சம் குறைந்தால் குளிர் அறையை விட ஆலைக்கு இருந்த மேன்மை முடிந்துவிடும். 24 இலட்சம் பில்லில் 1.27 என்பது 5 வீதத்துக்குச் சற்று மேல். 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் கூட்டப்பட்டது. கட்டணம் ஏறும்போது ஐஸ் விலையையும் ஏற்றலாம்தான். ஆனால் கடலுக்குப் போகாத நாட்களில் யாருக்கு விற்பீர்கள்? அந்த நாட்களைக் கழித்துத்தான் 20 இலட்சம் என்று எழுதினீர்களா? ஐஸ் வாங்கி விற்கிறவர் அன்றைக்கு வாங்காமல் விடலாம். ஆலை வைத்திருப்பவருக்கு கடன் தவணை அன்றும் ஓடும்.

மறுபக்கத்தில், உங்களுக்குச் சாதகமான ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். குத்தகை முடிய ஆலையின் மெசின் என்ன விலைக்குப் போகும்? குளிர் அறைச் சுவரை யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் கொம்பிரசரும் மோட்டரும் விற்கும். நாலாம் வருடக் கடைசியில் 10 இலட்சம் வந்தால் அதன் இற்றைப் பெறுமதி 5.9 இலட்சம், 3.7ஐ விடவே பெரிது. அப்போது மேலதிக வருமானம் 11.7 இலட்சம் வரை இறங்கினாலும் ஆலை தோற்காது. கரண்ட் பில் 13 வீதம் வரை ஏறினாலும் தாங்கும். ஆனால் உப்புக்காற்றில் 4 வருடம் நின்ற இரும்புக்கு 10 இலட்சம் யார் தருவார்கள் என்பது வேறு கேள்வி. பழைய மெசின் எடுக்கிற இரண்டு மூன்று பேரிடம் நேரே போய் விலை கேளுங்கள். அவர்கள் 5 இலட்சத்துக்கு மேல் வாய் திறக்காவிட்டால், நான் என்றால் குளிர் அறையைக் கட்டிவிட்டு மிச்ச 40 இலட்சத்துக்குக் கடன் எடுக்காமல் இருப்பேன். 10க்குக் கிட்ட ஒரு விலை வந்து, வட்டியும் மாறாததாக இருந்தால், மச்சானோடு சேர்ந்து மின்சார சபைக்குப் போய்ப் புது இணைப்புக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று விசாரியுங்கள். அந்தச் செலவு 50 இலட்சத்துக்குள் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.