கேட்காமல் போன ஜெல்லோடு இன்னொரு மருந்து எதற்கு?

"எனக்கு வயது 23. கன்னத்திலும் தாடையிலும் சின்னச் சின்னதாகப் பருக்கள். மருந்துக்கடையில் கொடுத்த கிளிண்டமைசின் ஜெல்லை எட்டு மாதமாகப் பூசுகிறேன். முதல் இரண்டு மாதம் நன்றாகக் கேட்டது, இப்போது பூசினாலும் பூசாவிட்டாலும் ஒன்றுதான். போன வாரம் பார்த்த தோல் டாக்டர், அதே கிளிண்டமைசினோடு பென்சாயில் பெராக்சைடு சேர்ந்த ஜெல்லை எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். கேட்காத மருந்தையே ஏன் திரும்பத் தருகிறார்? மூன்று மாதத்தில் நிறுத்தினால் பரு மறுபடி வராதா?"
– ஒரு வாசகி, திருநெல்வேலி

முதலில் அந்தப் பழைய டியூப்பை எடுத்து, பின்பக்கத்தைப் படியுங்கள். 'கிளிண்டமைசின் 1%' என்று மட்டும் இருக்கலாம், கூடவே நிகோடினமைடு என்றும் இருக்கலாம். எதுவானாலும் அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நிகோடினமைடு சிவப்பைக் கொஞ்சம் தணிக்குமே தவிர, கிருமி மருந்துக்குப் பழகிப்போவதைத் தடுக்காது.

கிளிண்டமைசின் ஓர் ஆன்டிபயாடிக். பருவில் பெருகும் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த வேலையை நிறுத்திவிடும். ஆனால் கோடிக்கணக்கான கிருமிகளில் சிலவற்றுக்கு அந்த இடத்தின் அமைப்பே சற்று மாறியிருக்கும். மருந்து அங்கே ஒட்டாது. தினமும் பூசப்பூச, மற்றவை சாக, இவை மட்டும் பிழைத்துப் பெருகும். முதல் இரண்டு மாதம் கேட்டது பிறகு கேட்காமல் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இது பருவோடு நிற்பதும் இல்லை. தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகளும் இதே வித்தையைக் கற்றுக்கொள்கின்றன, வீட்டில் நெருங்கிப் பழகுகிறவர்களுக்கும் அவை போய்ச் சேரும். நாளைக்கு யாருக்காவது சீழ்க்கட்டி வந்து, டாக்டர் கிளிண்டமைசின் மாத்திரை எழுதினால் அது கேட்காமல் போகலாம்.

பென்சாயில் பெராக்சைடு ஆன்டிபயாடிக் அல்ல. தோலில் பட்டதும் வீரியமான ஆக்சிஜனை வெளிவிட்டு, கிருமியைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் பொசுக்கிவிடும். ஓர் இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்க வழியில்லாததால், இதற்குப் பழகிய ஆக்னெஸ் கிருமியை இதுவரை யாரும் கண்டதில்லை. கிளிண்டமைசினுக்கு அடங்காதவையும் இதற்கு அடங்கும். அடைத்த துவாரங்களையும் கொஞ்சம் திறந்துவிடும். எனவே உங்கள் டாக்டர் தந்தது அதே மருந்து இல்லை. ஒன்று சொல்லட்டுமா? எட்டு மாதம் கிளிண்டமைசின் பூசிய முகத்துக்கு, அதை விட்டுவிட்டு பென்சாயில் பெராக்சைடையும், துவாரம் அடைபடாமல் காக்கும் அடாபலீன் என்ற பூச்சு மருந்தையும் மட்டும் எழுதியிருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த முறை போகும்போது இதைக் கேட்டுப்பாருங்கள். எழுதிக்கொடுத்ததும் சரியான வழிதான், காலக்கெடு வைத்ததால்.

இனி பூசும் விதம். இரவில் ஒரு வேளை, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து பொட்டாக வைத்து மெல்லியதாகப் பரப்புங்கள். கண், உதடு, மூக்கோரம் வேண்டாம். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதால் பயன் குறைவு, ஏனென்றால் அடுத்த வாரம் வரப்போகும் பரு பக்கத்துத் துவாரத்தில் இப்போதே கண்ணுக்குத் தெரியாமல் உருவாகிக்கொண்டிருக்கும். 15 கிராம் டியூப் ஒரு மாதமாவது வரவேண்டும். பத்து நாளில் தீர்ந்தால் அள்ளிப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் இரண்டு வாரம் தோல் வறண்டு உரியும், லேசாக எரியும். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, மேலே எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். பகலில் சன்ஸ்கிரீன் வேண்டும். தலையணை உறைக்கும் துண்டுக்கும் வெள்ளைத் துணியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த மருந்து சாயத்தை வெளுத்துவிடும். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் மெரூன் சுடிதாரில் கழுத்தோரம் ஆரஞ்சு நிறத் திட்டுகள். சலவைக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்!

உரிவதும் எரிவதும் வேறு, ஒவ்வாமை வேறு. கண்ணிமை வீங்கினாலோ, நீர்க்கொப்புளம் வந்தாலோ, தாங்கமுடியாமல் அரித்தாலோ உடனே நிறுத்துங்கள். மூச்சுத் திணறினால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பூசும் கிளிண்டமைசின் கொஞ்சம் உடலுக்குள்ளும் போகும் என்பதால், மிக அரிதாகக் கடும் வயிற்றுப்போக்கு வரலாம். தண்ணீராகப் பலமுறை போனாலோ ரத்தம் கலந்தாலோ ஜெல்லை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். முன்பு பெருங்குடல் அழற்சி இருந்தவர்கள் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், காரணம் கறைதான். நம் நிறத் தோலில் பரு ஆறிய இடத்தில் பழுப்புக் கறை தங்கி, மறைய மாதக்கணக்காகும். அதைப் பரு என்று நினைத்து டியூப் டியூப்பாகப் பூசுகிறார்கள். கிளிண்டமைசின் கறையைப் போக்காது. கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் மெதுவாகத் தடவிப்பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் பரு, சமமாக இருந்தால் கறை. ஞாயிறுதோறும் மேடான சிவப்புப் பருக்களை மட்டும் எண்ணி, காலண்டரில் எழுதிவையுங்கள். உதாரணமாக, தொடக்கத்தில் 14 இருந்து, நாலாவது வாரம் 11, எட்டாவது வாரம் 5, பன்னிரண்டாவது வாரம் 2 என்று வந்தால் மருந்து வேலை செய்துவிட்டது, கிளிண்டமைசின் போதும். எட்டு வாரத்திலேயே அடங்கிவிட்டால் டாக்டரைக் கேட்டு அப்போதே நிறுத்தலாம். மாறாக 14 என்பது பன்னிரண்டாவது வாரத்திலும் 12 ஆகவே நின்றால், இன்னொரு டியூப் வாங்குவதில் பொருளில்லை. அப்போது சிகிச்சையை மாற்றவேண்டும். மாத்திரை ஆன்டிபயாடிக் தந்தால் பூசும் ஆன்டிபயாடிக்கைக் கூடவே தொடரக்கூடாது. நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு புதிதாகப் பொரிப்பொரியாக வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் பூசினால் அது கூடத்தான் செய்யும்.

நிறுத்தினால் திரும்ப வருமா என்றால், எல்லாவற்றையும் நிறுத்தினால் வரும். நிறுத்தவேண்டியது கிளிண்டமைசினை மட்டும்தான். அதற்குப் பிறகு இரவில் அடாபலீன் 0.1% அல்லது தனி பென்சாயில் பெராக்சைடு 2.5%, இரண்டில் உங்கள் தோல் தாங்குவதை டாக்டர் தொடரச் சொல்வார். இவை ஆன்டிபயாடிக் இல்லை, மாதக்கணக்கில் பூசலாம். கர்ப்பமாகத் திட்டமிட்டால் மட்டும் அடாபலீனைத் தவிர்க்கவேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய சீட்டை நீட்டி அதே ஜெல்லைக் கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார், அவர் வாரம் எண்ணமாட்டார். அதனால் பன்னிரண்டாவது வாரம் முடியும் தேதியை அந்தச் சீட்டின் மேலேயே இன்றைக்கு எழுதிவிடுங்கள்.