ஒரே மாதத்தில் இரண்டு தவணை, அதனால் வந்த அபராதம்

"காரைக்குடிக்காரன். வீட்டுக்கடன் தவணை 8,400 ரூபாய் 5ஆம் தேதியும் 7ஆம் தேதியும் போய்விட்டது. அதனால் 10ஆம் தேதி பைக் தவணை திரும்பி, 590 ரூபாய் அபராதம். யாரிடம் கேட்பது?"

அண்ணே, பணத்தை இழுத்தது கடன் கொடுத்த வங்கி. சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருந்தாலும் மனு கடன் வங்கிக்குத்தான்.

முதலில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். பாஸ்புக் மட்டும் போதாது. பழைய பாக்கி இருந்தால் இரண்டாவது பிடித்தம் அதற்காக இருக்கலாம். பாக்கி இல்லாமல் இரண்டும் வரவாகியிருந்தால் தவறு அவர்களுடையது. "அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். ஒப்புக்கொண்டால் அபராதத்தைக் கேட்கும் பிடி தளர்ந்துவிடும். தேவகோட்டையில் என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது, இன்னும் மனசு ஆறவில்லை.

மனுவில் 8,400, உங்கள் வங்கி பிடித்த 590 (500 கட்டணம், 90 ஜிஎஸ்டி), பைக் கடன்காரர் போட்ட அபராதம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 7ஆம் தேதிக்கு முந்தைய இருப்பையும் எழுதுங்கள். இரண்டாவது பிடித்தம் இல்லையென்றால் பைக் தவணை போயிருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. பைக் தவணையை இன்றே கட்டிவிடுங்கள், சிபில் கெடக்கூடாது.

புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.